கண் இழுக்கும் பக்கம் கழுத்து போகிறது: மேசை, திரை, இருபது விநாடி இடைவெளி

மேசையில் உட்கார்ந்து கணினியில் வேலை செய்யும் ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து கால் மணி நேரம் கவனித்துப் பாருங்கள். தொடக்கத்தில் முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கும். சிறிது நேரத்தில் முகவாய் மட்டும் ஒரு விரற்கடை முன்னே வரும். பிறகு தோள்கள் அதைப் பின்தொடரும். கடைசியில் முதுகு சாய்வை விட்டுப் பிரிந்து, அவர் நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்திருப்பார். இத்தனையும் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. திரையில் ஏதோ ஒரு சிறிய எழுத்தைப் படிப்பதற்காகக் கண் கொஞ்சம் நெருங்க விரும்பியது, உடல் கூடவே போயிற்று.

அதனால்தான் "நிமிர்ந்து உட்கார்" என்ற அறிவுரை பெரும்பாலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. நிமிர்ந்தவுடன் திரை தள்ளிப் போகிறது, எழுத்து மங்குகிறது, மறுபடியும் குனிகிறோம். உட்காரும் முறையையும் கண்ணின் அயர்ச்சியையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாக நினைத்து, ஒன்றுக்கு நாற்காலியும் மற்றொன்றுக்குக் கண்ணாடியும் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். அதற்கு எழுத்தின் அளவிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே இருப்பது மேசையைச் சீரமைக்கும் வழி, சிகிச்சை கிடையாது. கண்ணாடியின் பவர் குறையும், கழுத்து வலி தீரும் என்ற வாக்குறுதி எதையும் இதில் தேட வேண்டாம்.

எழுத்து போதிய அளவில் இருக்கிறதா?

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து திரைக்கு எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 50 முதல் 70 சென்டிமீட்டர் வரை வரும். கையை முன்னே நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் ஏறக்குறைய இதுதான். இப்போது அந்தத் தூரத்தைப் போல மூன்று மடங்கு பின்னே போய் நின்று, திரையில் இருப்பதைப் படியுங்கள். 60 சென்டிமீட்டர் என்றால் 180. தட்டுத்தடுமாறியாவது படிக்க முடிந்தால் எழுத்து போதிய அளவில் இருக்கிறது. முடியவில்லை என்றால், உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் படிப்பது உங்கள் பார்வையின் எல்லையை ஒட்டிய அளவில். எல்லையில் படிக்க முடியும். நாள் முழுவதும் அப்படியே படிப்பதுதான் அலுப்பு.

தமிழில் வேலை செய்பவர்கள் இந்தச் சோதனையை ஆங்கிலப் பக்கத்தை வைத்துச் செய்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. அதே அளவு எண்ணில் வைத்தாலும் தமிழ் எழுத்துக்குள் கோடுகளும் வளைவுகளும் அதிகம். ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரிப்பது சில நேரம் ஒரு புள்ளி, சில நேரம் ஒரு சிறு சுழி. 'கி'யும் 'கீ'யும், 'ர'வும் துணைக்காலும், 'ன' என்பதும் 'ன்' என்பதும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். சொல்லை மொத்தமாக ஊகித்துப் படித்துவிட முடியும் என்பதால், புள்ளி தெரியாததை மனம் மறைத்துவிடும். மெய்ப்புத் திருத்துபவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.

அப்படிப்பட்ட ஒருவரின் மேசையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 14 அங்குல மடிக்கணினி, சாதாரண மேசை, உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய நாற்காலி. காலையில் திரையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்காருவார். மாலையில் அது 40 ஆகிவிடும். மூன்று மடங்குச் சோதனையைச் செய்தபோது 110 சென்டிமீட்டருக்கு அப்பால் அவரால் படிக்க முடியவில்லை. 180ஐ 110ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.6 வருகிறது. ஆகவே 100 விழுக்காட்டில் வைத்திருந்த பக்கத்தை 160க்கு உயர்த்த வேண்டியிருந்தது.

இங்கே மாற்றுவது ஆவணத்தின் எழுத்தளவை அல்ல, திரையில் அது தெரியும் அளவை. வேர்டு போன்ற மென்பொருளில் கீழ் மூலையில் இருக்கும் `Zoom` பட்டையே போதும். இணைய உலாவியில் `Ctrl` விசையை அழுத்திக்கொண்டு `+` அழுத்த வேண்டும். மேக் கணினியில் `Ctrl`க்குப் பதிலாக `Command`. பட்டியல்களும் கோப்புப் பெயர்களும் சேர்ந்து பெரிதாக வேண்டுமென்றால், விண்டோஸில் `Settings` திறந்து `System`, அதில் `Display`, அதில் `Scale` என்று போய் ஒரு படி கூட்டிப் பாருங்கள்.

அவருக்கு இது உடனே பிடிக்கவில்லை. பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியவில்லை, அடிக்கடி உருட்ட வேண்டியிருக்கிறது என்பது அவருடைய குறை. நியாயமான குறைதான். பக்க அமைப்பைப் பார்க்கும்போது 100க்குத் திரும்பிக்கொள்வது, வரி வரியாகப் படிக்கும்போது 160 என்று பிரித்துக்கொண்டார். எல்லா நேரத்துக்கும் ஒரே அளவு என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

நாற்காலி முதலில், திரை கடைசியில்

எழுத்து பெரிதாகிவிட்டது, இனி முன்னே வரக் கண்ணுக்குக் காரணம் இல்லை. இப்போது உடலை அமர்த்தலாம். இங்கே வரிசை முக்கியம். பலரும் மடிக்கணினிக்கு அடியில் நான்கு புத்தகங்களை அடுக்குவதில் தொடங்குகிறார்கள். பிறகு நாற்காலியை ஏற்றினால் கண்ணின் உயரம் மாறிவிடும், புத்தகக் கணக்கு மறுபடியும் தப்பிவிடும்.

முதல் படி முழங்கை. நாற்காலியில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடம் இருக்கட்டும். தோள்களைத் தூக்காமல் கைகளைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். அந்த முழங்கை மேசையின் மட்டத்துக்கு ஒட்டியோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் மேசை தரையிலிருந்து 75 சென்டிமீட்டர். இருக்கை 45. உட்கார்ந்த நிலையில் அவருடைய முழங்கை இருக்கையிலிருந்து 22 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. ஆக முழங்கை 67இல், மேசை 75இல். அந்த 8 சென்டிமீட்டரைத் தோள்கள்தான் நாள் முழுவதும் தூக்கி ஈடுகட்டிக்கொண்டிருந்தன.

மேசையின் காலை அறுக்க முடியாது. நாற்காலியை 7 சென்டிமீட்டர் ஏற்றினார்; இருக்கை 52 ஆயிற்று, முழங்கை மேசையோடு ஏறக்குறைய சமமாயிற்று. ஆனால் இப்போது பாதம் தரையில் முழுதாகப் படியவில்லை. இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தியது. ஏற்றிய அதே அளவுக்கு, அதாவது ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்கு, உறுதியான ஒரு பலகையைக் காலடியில் வைத்ததும் அது சரியாயிற்று. பலகை இரண்டு பாதங்களும் நகர்ந்து விளையாடும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். குறுகிய பெட்டியை வைத்தால் கால் ஒரே நிலையில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது படி திரையின் உயரம். மடிக்கணினியின் பிறவிக் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. திரையும் கீபோர்டும் ஒரே கீலில் மாட்டியிருப்பதால் கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கண்ணுக்குத் தாழ்வு, கண்ணுக்கு ஏற்றபடி உயர்த்தினால் கைக்கு உயரம். வேறு தந்திரத்தால் இதைத் தீர்க்க முடியாது. நாள் முழுவதும் மடிக்கணினியில் வேலை என்றால், தனியான கீபோர்டும் மவுஸும் தேவை. விலை உயர்ந்த நாற்காலிக்கு முன்பே இவற்றை வாங்கலாம் என்பது என் கருத்து.

நாற்காலியை ஏற்றிய பிறகு அவருடைய கண்கள் மேசையிலிருந்து 52 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தன. மேசைமேல் நேரடியாக வைத்த மடிக்கணினியின் திரை நடு, மேசையிலிருந்து 12 சென்டிமீட்டர்தான். 40 சென்டிமீட்டர் கீழே பார்க்க வேண்டும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது மிகச் சரிவான பார்வை. 22 சென்டிமீட்டர் உயர்த்தியதும் திரையின் நடு கண்ணுக்கு 18 சென்டிமீட்டர் கீழே வந்தது. கோணமாகச் சொன்னால் 17 பாகை. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாகவும், நடுப்பகுதி 15 முதல் 20 பாகை வரை கீழாகவும் இருப்பது பொதுவாக வசதியானது. அளவுகோல் இல்லாமல் சோதிக்க வேண்டுமா? நேராக எதிரே பாருங்கள்; பார்வை திரையின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு அதற்கு மேலே போக வேண்டும்.

இன்னும் உயர்த்தினால் இன்னும் நிமிர்வோமே என்று தோன்றும். வேண்டாம். மேலே பார்க்கும்போது இமை அதிகமாகத் திறந்து, விழியின் பெரும்பகுதி காற்றில் காய்கிறது. சற்றுக் கீழே பார்க்கும்போது மேலிமை இறங்கி விழியை ஓரளவு மூடிக் காக்கிறது.

நாற்பதைத் தாண்டி, மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்குமாக ஒரே கண்ணாடி அணிபவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க முகவாயைத் தூக்குவார்கள்; பிடரி மடங்கும். அவர்களுக்குத் திரையை உயர்த்துவது கெடுதல். தாழ்த்திப் பின்புறமாகச் சற்றுச் சாய்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பிடரிக்குக் கீழே மட்டும் கனம் தெரிகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

மூன்றாவது படி கீபோர்டும் மவுஸும். மூக்குக்கு நேராக வர வேண்டியவை `G`, `H` விசைகள். கீபோர்டின் நடுவை நேராக வைக்கக் கூடாது. எண் விசைகள் வலப்பக்கம் தனியாக இருக்கும் நீளமான கீபோர்டில் இந்த இரண்டும் வேறு வேறு இடங்கள். அந்த எண் விசைகள் மவுஸையும் வெளியே தள்ளிவிடுகின்றன. வலக்கை எப்போதும் பக்கவாட்டில் நீண்டே இருக்கும். நம் நண்பரின் வலத்தோள் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் முரண்டு பிடித்தது இதனால்தான். எண் விசை இல்லாத குறுகிய கீபோர்டுக்கு மாறியதும் முழங்கை விலாவை ஒட்டி வந்தது.

தனிக் கீபோர்டு கிடைக்காத நாளில் என்ன செய்வது? வேலையைப் பிரிக்கலாம். வாசிப்பும் பார்வையிடலும் மட்டும் உள்ள நேரத்தில் மடிக்கணினியை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். தட்டச்சு தொடங்கியதும் இறக்கி, திரையை நன்றாகப் பின்னே சாய்த்து, எழுத்தை இன்னும் ஒரு படி பெரிதாக்கலாம். அரைகுறைத் தீர்வுதான்.

வெளிச்சமும் காற்றும்

ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்புங்கள். பிரதிபலிப்பைத் தவிர்க்கத் தலையை ஒருக்களித்து உட்காரும் பழக்கம் பலருக்கு உண்டு. திரையை அணைத்து, அந்தக் கறுப்பில் விளக்கோ ஜன்னலோ தெரிகிறதா என்று பார்த்தால் காரணம் பிடிபடும்.

திரையின் வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறவுங்கள். திரை விளக்குப் போல எரிந்தால் குறையுங்கள். அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தால் கூட்டுங்கள். பகலுக்கும் இரவுக்கும் இது மாறும்.

மின்விசிறியோ ஏசியோ முகத்தை நேராகப் பார்க்க வேண்டாம். உறுத்தலுக்குத் திரையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கையில் உண்மையான குற்றவாளி காற்றாகவும் இருக்கலாம். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியைப் பற்றியும் பலர் கேட்பார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, குறுகிய காலத்தில் அத்தகைய கண்ணாடிகள் சாதாரணக் கண்ணாடிகளைவிடக் கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. அந்தப் பணத்தில் கீபோர்டு வாங்கலாம்.

இருபது விநாடி

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் இருக்கும் ஒன்றை, 20 விநாடி பாருங்கள். அமெரிக்கப் பார்வையியல் நிபுணர் ஜெஃப்ரி ஆன்ஷெல் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் விதி இது. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் சங்கமும் இதைப் பரிந்துரைக்கிறது. மூன்றும் இருபதாக அமைந்தது நினைவில் நிற்பதற்காக. 19 நிமிடத்தில் ஒன்றும் 21இல் வேறொன்றும் நடந்துவிடாது. இதைச் சோதித்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. நினைவூட்டல் வைத்துப் பழகியவர்களுக்குத் தொந்தரவுகள் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வு உண்டு. இருபது விநாடி இடைவெளியால் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்ற ஆய்வும் உண்டு. செலவில்லாத பழக்கம், செய்து பார்ப்பதில் நட்டமில்லை என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

அதன் பின்னுள்ள காரணம் எளியது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் ஒரு சிறு தசை சுருங்கி, விழிலென்ஸைக் குவியச் செய்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது அது தளர்கிறது. கூடவே, இரண்டு விழிகளையும் உள்நோக்கித் திருப்பும் தசைகளுக்கும் வேலை குறைகிறது. இந்த உழைப்பு தூரத்தோடு தலைகீழாக மாறுகிறது: தூரம் பாதியானால் உழைப்பு இரண்டு மடங்கு. திரை 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. 20 அடி என்பது ஏறக்குறைய 6 மீட்டர், அதாவது பத்து மடங்கு தூரம். அங்கே கண்ணின் உழைப்பு பத்தில் ஒரு பங்கு. கண் பரிசோதனைப் பலகையையும் வழக்கமாக 6 மீட்டருக்குத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் தூரத்தைக் கண் ஏறக்குறைய 'தொலைவு' என்றே எடுத்துக்கொள்கிறது.

இதே கணக்கை மறுபக்கம் திருப்பினால், இடைவெளி எப்படி வீணாகிறது என்பது தெரியும். மணி அடித்ததும் திரையிலிருந்து கண்ணை எடுத்து, கைப்பேசியை எடுக்கிறோம். அது முகத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் இருக்கும். திரைக்குத் தேவைப்பட்டதைப்போல இரண்டு மடங்கு உழைப்பு! ஓய்வு என்ற பெயரில் கண்ணை இன்னும் கடினமான வேலைக்கு அனுப்பியிருக்கிறோம். இருபது விநாடியில் கைப்பேசி கூடாது என்பது ஒன்றைத்தான் நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

அந்த இருபது விநாடிக்குள் செய்ய வேண்டியதை இப்படி அமைத்துக்கொள்ளலாம். முதலில் கையைக் கீபோர்டிலிருந்தும் மவுஸிலிருந்தும் எடுத்து மடியில் போடுங்கள். கை அங்கேயே இருந்தால் கண் இரண்டே விநாடியில் திரும்பி வந்துவிடும். பிறகு தூரத்தில் ஒன்றைப் பாருங்கள்; அதன் ஓரம் தெளிவாகத் தெரியும்வரை பொறுங்கள். வெறுமனே அந்தத் திசையில் முகத்தைத் திருப்பிவிட்டு மனத்துக்குள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தால், கண் எதையும் குவித்துப் பார்க்காமலே நேரம் போய்விடும். ஒரு கிளையின் நுனி, எதிர்ச் சுவரில் ஒரு விரிசல், தூரத்து மாடியின் கைப்பிடி என்று கூர்மையான ஓரம் உள்ள எதுவும் ஆகும். அடுத்து நான்கைந்து முறை மெதுவாக, இமைகள் ஒன்றையொன்று தொடும்வரை மூடித் திறவுங்கள்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையளவில் இமைக்கிறோம். திரையில் ஆழ்ந்துவிட்டால் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. இமைப்பதும் அரைகுறையாகவே நடக்கிறது. மேலிமை பாதி வழி வந்து திரும்பிப் போய்விடும். விழியின் மேல் கண்ணீர்ப் படலம் பரவ வேண்டுமென்றால் இமைகள் முழுவதும் மூட வேண்டும். மாலை நேர உறுத்தலில் ஒரு பகுதி, பார்த்ததால் வந்தது என்பதைவிட இமைக்காததால் வந்தது.

அறையில் 6 மீட்டர் கிடைக்கவில்லை என்றால் கதவு வழியாக அடுத்த அறையின் கோடியைப் பார்க்கலாம், ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம். இரண்டுமே இல்லாத சிறிய அறைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று உதவும். 3 மீட்டர் தள்ளிச் சுவரில் மாட்டிய கண்ணாடியில் உங்கள் உருவத்தைப் பார்த்தால், கண்ணுக்கு அது 6 மீட்டர் தூரத்துப் பொருள். கண்ணாடிச் சட்டத்தைப் பார்க்கக் கூடாது. அது 3 மீட்டர்தான். அதுவும் முடியாவிட்டால் 3 மீட்டர் தூரத்துச் சுவரே போதும். உழைப்பு திரைக்குத் தேவைப்படுவதில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

நினைவூட்டலைப் பொறுத்தவரை கைப்பேசியின் டைமர் முதல் சில நாட்களுக்குச் சரி. அதன் பிறகு விரல் தானாகப் போய் அதை அணைக்கப் பழகிவிடும்; மணி அடித்ததே நினைவில் இருக்காது. வேலையிலேயே இருக்கும் முடிச்சுகளோடு இணைத்தால் நீண்ட நாள் நிற்கும். மெய்ப்பு பார்ப்பவர் மூன்று பக்கத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டார், அவருக்கு அது ஏறக்குறைய இருபது நிமிடம். கோப்பு சேமிக்கும்போது, அழைப்பு முடியும்போது, ஒரு பட்டியல் தீரும்போது என்று அவரவர் வேலையில் தேடிக்கொள்ளலாம். கண்ணுக்கு மட்டுமான இந்த இடைவெளி, எழுந்து நடப்பதற்கு மாற்றாகாது. முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழ வேண்டும். எவ்வளவு சரியான நிலையானாலும் அசையாமல் இருந்தால் உடல் கடுக்கத்தான் செய்யும்.

திரும்பி வரும்போது பார்க்க வேண்டியது

இருபது விநாடி முடிந்து திரைக்குத் திரும்பும் அந்தக் கணத்தில் இன்னொரு பயன் இருக்கிறது. நகர்வதற்கு முன் உங்கள் உடல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதுகு சாய்வைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? முகவாய் எங்கே? தோள் காதுக்கு அருகில் ஏறியிருக்கிறதா? உடனே திருத்த வேண்டாம். முதலில் காரணத்தைத் தேடுங்கள்.

முன்னே வந்திருந்தால், பார்த்துக்கொண்டிருந்த எழுத்து சிறிது. அந்தச் சாளரத்தை மட்டும் பெரிதாக்குங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பிரதிபலிப்பு இருக்கலாம், அல்லது பார்த்து எழுதும் காகிதம் மேசையில் ஓரமாகக் கிடக்கலாம். காகிதத்தைத் திரைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வையுங்கள். இடுப்பு முன்னே வழுக்கியிருந்தால் இருக்கை நீளம் அதிகம், அல்லது கால் எட்டவில்லை. தோள் ஏறியிருந்தால் முழங்கைக் கணக்கை மறுபடி பாருங்கள். ஒரே கோணல் மூன்று நாள் தொடர்ந்து வந்தால், மேசையில் ஏதோ ஒன்று அதைக் கேட்கிறது. நம் நண்பருக்கு மதியத்துக்குப் பிறகு மட்டும் தலை இடப்பக்கம் சாய்ந்தது. அந்த நேரத்தில்தான் வலப்பக்க ஜன்னலிலிருந்து வெயில் திரையின் ஓரத்தில் விழுந்தது. திரைச்சீலையைப் பாதி இழுத்ததும் போதுமானதாக இருந்தது.

தூரத்திலிருந்து திரைக்குத் திரும்பியவுடன் எழுத்து தெளிய ஓரிரு விநாடி ஆகிறதா என்பதையும் கவனியுங்கள். கொஞ்ச நேரம் ஆவது இயல்பு. நாளுக்கு நாள் அது நீண்டுகொண்டே போனால், அல்லது தூரத்துப் பொருளே மங்கலாக இருந்தால், மேசையால் திருத்த முடியாத விஷயம் அது. கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம், பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மேசையோடு நில்லாதவை

திடீரென்று பார்வை குறைவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, கண்ணில் கடும் வலி, மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகள், புதிதாகக் கூட்டமாகத் தோன்றும் கரும்புள்ளிகள், இவற்றில் எது வந்தாலும் இருபது விநாடியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே கண் மருத்துவரிடம் போங்கள். கையில் மரமரப்பு, விரல்களில் பலக்குறைவு, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் கழுத்து வலி ஆகியவற்றுக்கும் மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். நாற்காலியின் உயரம் அல்ல. சில வாரம் அமைப்பை மாற்றிப் பார்த்தும் உறுத்தலோ தலைவலியோ அப்படியே இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது.

போகும்போது ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்: கண்ணிலிருந்து திரைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பது. கண்ணாடிக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் வாசிப்புப் பார்வையைப் பெரும்பாலும் புத்தகம் பிடிக்கும் தூரத்தில், அதாவது 40 சென்டிமீட்டர் அளவில்தான் சோதிப்பார்கள். உங்கள் திரை 60லோ 70லோ இருந்தால், அந்த எண்ணைச் சொல்லாதவரை அவர்களுக்குத் தெரியாது. இரண்டு திரைகளில் வேலை செய்பவராக இருந்தால் இரண்டு தூரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எந்தத் திரையைப் பார்க்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.